போரில் இறந்த சிப்பாயின் பெயரைத் தேடுவது எப்படி: சிலிம் ரிவரிலிருந்து தைப்பிங், கிராஞ்சி வரை

"எங்க கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தாராம். ஜப்பான்காரன் வந்தப்போ மலாயாவுலதான் செத்தாராம். கல்லறை எங்க இருக்கும்?" சிலிம் ரிவரில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நேரே தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போய், வரிசை வரிசையாக நடந்து பார்த்து, பெயர் கிடைக்காமல் திரும்பியவர்கள். கல்லறையில் பெயர் இல்லையென்றால் ஆளே கணக்கில் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. எந்தச் சிப்பாயின் பெயர் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு தேடினால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

முதலில் அந்த இரண்டு வில்லைகள்

எல்லாம் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரே ஒரு வில்லைதான். ஆள் இறந்ததும், இறந்ததற்கு ஆதாரமாக அதைக் கழற்றித் தலைமையகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சாவு பதிவாகிவிடும். ஆனால் உடலில் அடையாளம் எதுவும் மிஞ்சாது. பிறகு அந்த உடலை வேறிடத்துக்கு மாற்றிப் புதைக்க எடுக்கும்போது அது யார் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. இப்படிப் பெயரிழந்தவர்கள் ஏராளம்.

அதனால் 1916இல் இரண்டு வில்லைகள் கொடுத்தார்கள். ஒன்று பச்சை, எட்டு மூலை கொண்டது. இன்னொன்று சிவப்பு, வட்டம். பச்சை வில்லை கழுத்துக் கயிற்றில் கோத்திருக்கும். அதன் அடியில் ஒரு சிறு கயிற்றில் சிவப்பு வில்லை தொங்கும். இரண்டிலும் சிப்பாயின் எண், பெயர், மதம் ஆகியவற்றை ஒவ்வோர் எழுத்தாக அச்சுக்குத்தியிருப்பார்கள். ஆள் இறந்தால் சிவப்பை அறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். பச்சை உடலோடு மண்ணுக்குள் போக வேண்டும். மதத்தைக் குறித்ததற்கும் காரணம் உண்டு. புதைப்பதா எரிப்பதா, எந்தச் சடங்கு என்று தெரிய வேண்டுமே.

இரண்டாம் உலகப் போரிலும் இதே முறைதான் இருந்தது. ஆனால் அந்த வில்லைகள் உலோகம் அல்ல, அழுத்திச் செய்த நார்ப்பொருள். நம் ஊர் மழையிலும் ஈர மண்ணிலும் அது ஊறி, உப்பி, உதிர்ந்துவிடும். மலாயாவில் பெயர் தெரியாத கல்லறைகள் இத்தனை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் போர் நடந்த விதம்.

சிலிம் ரிவரில் என்ன நடந்தது

1942 ஜனவரி 7, விடிவதற்கு முன்பே ஜப்பானிய டாங்கிகள் துரோலாக்கிற்கு வடக்கே நெடுஞ்சாலையில் புகுந்தன. அங்கே முதலில் ஹைதராபாத் ரெஜிமெண்ட், அடுத்து பஞ்சாப் ரெஜிமெண்ட், அதற்குப் பின்னால் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படை என்று சாலையோரமாக அடுத்தடுத்து நின்றன. டாங்கிகள் ஒவ்வொன்றையும் பிளந்துகொண்டு கம்போங் சிலிம் தாண்டி வந்தன. குளூனி தோட்டத்துப் பக்கம் சாலையில் நடந்து போய்க்கொண்டிருந்த கூர்க்காப் படை ஒன்றைப் பின்னாலிருந்து வந்து சிதறடித்தன. காலைக்குள் இரண்டு பிரிகேடுகள் உருக்குலைந்துவிட்டன. தப்பியவர்கள் ரப்பர் காட்டுக்குள்ளும் மலைக்காட்டுக்குள்ளும் ஓடினார்கள். அவர்களில் பலர் பின்னால் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள்.

இப்போது வில்லையை நினைத்துப் பாருங்கள். சிவப்பை அறுத்து எடுக்க ஒரு தோழன் வேண்டும். அதை வாங்கிப் பதிவு செய்ய ஓர் அலுவலகம் வேண்டும். புதைத்த இடத்தைக் குறித்துவைக்க ஒருவர் வேண்டும். தோற்றுப் பின்வாங்கும் படைக்கு இதில் எதுவும் இல்லை. நிலம் எதிரியின் கையில் இருந்தது. செத்தவர்களைப் பல இடங்களில் அக்கம்பக்கத்துச் சனங்களே குழிவெட்டிப் புதைத்தார்கள். மூன்றரை ஆண்டுகள் கழித்து, ஜப்பான் சரணடைந்த பிறகுதான், கல்லறைப் பணிக்கென்று இருந்த இராணுவப் பிரிவுகள் இந்த இடங்களைத் தேடி வர முடிந்தது.

அவர்கள் போர்க்களங்களிலும், தற்காலிக இடுகாடுகளிலும், கிராமத்துக் கல்லறைகளிலும் கிடந்த உடல்களைத் தோண்டி எடுத்து ஒரே இடத்தில் சேர்த்தார்கள். அப்படி உருவானதுதான் தைப்பிங் போர்க் கல்லறை. 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதில் 500க்கும் மேற்பட்ட கல்லறைகளுக்குப் பெயர் இல்லை. ஆகவே தைப்பிங்கில் நீங்கள் தேடும் பெயர் கிடைக்காதது ஆச்சரியமே இல்லை. அவர் அங்கே பெயரில்லாத கல்லுக்கடியில் இருக்கலாம். பெயர் மட்டும் வேறு நாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும்.

பெயர் போய்ச் சேரும் மூன்று இடங்கள்

இந்தக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்வது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த காமன்வெல்த் படையினர் அதன் கணக்கில் வருவார்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் இராணுவமும் இதில் அடக்கம். ஒருவருக்கு ஓர் இடம் என்பது அவர்கள் வழக்கம். அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

உடலும் பெயரும் சேர்ந்தே கிடைத்திருந்தால் அவருக்குத் தனிக் கல் உண்டு. தைப்பிங்கில் இருக்கும் ஆர்தர் ஸ்கார்ஃப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து குண்டுவீச்சு விமானத்தில் கிளம்பிய விமானி அவர். தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கி, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். அங்கிருந்த மருத்துவமனையில் இறந்தார். வயது 28. பின்னால் அவருக்கு விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. அவர் இறந்தது தெரிந்த மனிதர்கள் நடுவே, ஒரு மருத்துவமனையில். சாவும் பதிவாயிற்று, புதைத்த இடமும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் பெயர் இன்று அவர் உடலுக்கு மேலேயே நிற்கிறது. ஒரு மாதம் கழித்து துரோலாக் சாலையில் விழுந்தவனுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

எரியூட்டப்பட்டவர்கள் இரண்டாவது வகை. இந்துக்களையும் சீக்கியர்களையும் அவர்கள் வழக்கப்படி எரித்திருந்தால் கல்லறைக்கு இடமில்லை. அவர்களின் பெயர்களைத் தனி நினைவுச்சின்னத்தில் பொறிப்பார்கள். நம் பகுதிக்கு அது சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கிறது. ஏறத்தாழ 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர்.

மூன்றாவது வகைதான் ஆகப் பெரியது: கல்லறை எங்கே என்று தெரியாதவர்கள். மலாயாவில் காணாமல் போன சிப்பாய்களின் பெயர்கள் மலேசியாவில் அல்ல, கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் இருக்கின்றன. 1957இல் திறக்கப்பட்டது. அதன் தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். சிலிம் ரிவரில் செத்தவரைத் தேடுகிறவர் கிராஞ்சியை மறக்கவே கூடாது.

இனித் தேடலாம்

ஆணையத்தின் இணையதளம் www.cwgc.org. அதில் Find War Dead என்ற பகுதிக்குப் போங்கள். பணம் கட்டத் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் முத்துசாமி. சேலம் பக்கத்துக்காரர். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்து மலாயாவுக்கு வந்தார், திரும்பவில்லை. வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான்.

பெயரை ஒரே மாதிரி எழுதித் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். Muthuswami, Muthusamy, Muthuswamy, Mutuswami என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தமிழ்ச் சிப்பாய்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அந்த ஒற்றைப் பெயர் Surname கட்டத்தில்தான் பெரும்பாலும் ஏறியிருக்கும். அப்பா பெயரின் முதலெழுத்து சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது.

போர் என்ற இடத்தில் இரண்டாம் உலகப் போரையும், படை என்ற இடத்தில் இந்தியப் படையையும் தேர்ந்தெடுங்கள். நாடு என்ற இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அது அவர் இறந்த நாடு இல்லை, அவர் பெயர் இருக்கும் நாடு. மலேசியா என்று மட்டும் போட்டால் மலாயாவில் காணாமல் போய்க் கிராஞ்சியில் பெயர் உள்ளவர்கள் வரமாட்டார்கள். சிங்கப்பூர் என்றும் போட்டுத் தேடுங்கள். போர்க்கைதியாகச் சயாம் ரயில்பாதைக்குப் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தாய்லாந்து, மியன்மார் இரண்டையும் பாருங்கள்.

இறந்த தேதியைக் கட்டத்தில் நிரப்ப வேண்டாம் என்பது என் யோசனை. எப்போது இறந்தார் என்று யாருக்கும் தெரியாத சிப்பாய்களுக்குத் தேதியை அனுமானித்துத்தான் போட்டார்கள். பலருக்குச் சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15 என்றே இருக்கும். வேறு சிலருக்கு இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் என்று இருக்கும். சிலிம் ரிவரில் செத்தார் என்று குடும்பம் சொல்வதை நம்பி ஜனவரி 7 என்று போட்டால், சரியான ஆள் வடிகட்டப்பட்டு வெளியே போய்விடுவார்.

பட்டியல் வந்ததும் ஒரே பெயரில் பலர் நிற்பார்கள். அப்போது பெயரை விட்டுவிட்டுப் படைப்பிரிவைப் பாருங்கள். முத்துசாமி சாப்பராக இருந்தால் Queen Victoria's Own Madras Sappers and Miners என்று இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பதிவையும் திறந்து, கூடுதல் விவரம் என்ற வரியைத் தேடுங்கள். இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று அங்கே இருக்கும். எல்லாருக்கும் இருக்காது, இருந்தால் அதைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை. ஊர்ப் பெயரும் பழைய ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். திருச்சிராப்பள்ளி Trichinopoly என்றும் தஞ்சாவூர் Tanjore என்றும் இருப்பதைப் பார்த்து இது வேறு ஊர் என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது குலதெய்வக் கோயில் இருக்கும் கிராமம் தெரிந்தால் அதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஊரை உறுதி செய்ய அது பல நேரம் கைகொடுக்கிறது.

பதிவின் அடியில் பழைய தாள்களின் படங்கள் இணைத்திருப்பார்கள். அவற்றைத் திறக்காமல் போகாதீர்கள். வேறிடத்திலிருந்து மாற்றிப் புதைத்தவராக இருந்தால், முன்பு எங்கே புதைத்திருந்தார்கள் என்பது அதற்கான தாளில் இருக்கலாம். கல்லில் என்ன எழுத வேண்டும் என்று குறித்த தாளும் இருக்கலாம். தட்டச்சில் அடித்ததைக் கையால் அடித்துத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்துவிட்டால் அதைப் பத்திரமாக எழுதிவையுங்கள். பெயர் எத்தனை விதமாக மாறினாலும் எண் மாறாது. மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இன்றும் பெங்களூரில் இருக்கிறது; அங்கே விசாரித்து எழுதும்போது முதலில் தேவைப்படுவது அந்த எண்தான்.

நேரில் போகும்போது

தைப்பிங் கல்லறை, புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையில், ஏரிப் பூங்காவைத் தாண்டி இருக்கிறது. சாலை நடுவே போகும். ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் முஸ்லிம் சிப்பாய்களும் கூர்க்காக்களும். பலர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தியப் படையினரைத் தேடி வந்திருந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கமும் போக வேண்டும்.

பதிவில் 2. G. 14. என்பது போல ஒரு குறி இருக்கும். இரண்டாம் பகுதி, ஜி வரிசை, பதினான்காவது கல் என்று அர்த்தம். கல்லில் மேலிருந்து கீழாக எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது என்று இருக்கும். படையின் சின்னமும் மத அடையாளமும் செதுக்கியிருக்கும். அடியில் குடும்பத்தார் எழுதச் சொன்ன ஒரு வரி இருந்தாலும் இருக்கும். தளபதிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் கல் ஒரே அளவு. ஆணையம் தொடங்கியபோதே எடுத்த முடிவு அது. உடல்களைத் தாய்நாட்டுக்கு எடுத்துப் போவதில்லை என்பதும் அப்போதே முடிவானது.

பெயரில்லாத கற்களையும் நின்று படியுங்கள். தெரிந்த அளவை மட்டும் எழுதியிருப்பார்கள். படை தெரிந்தால் படை, அதுவும் தெரியாவிட்டால் 1939-1945 போரின் ஒரு சிப்பாய் என்று மட்டும். கிறிஸ்தவர் பக்கத்தில் அதன் கீழே, இவரை இறைவன் அறிவார் என்ற பொருளில் ஒரு வரி வரும். கல்லில் படையின் பெயர் இருக்கிறதென்றால், எடுத்தவர்கள் கையில் ஒரு தோள்பட்டை எழுத்தோ தொப்பிச் சின்னமோ ஏதோ கிடைத்திருக்கிறது, எண் மட்டும் கிடைக்கவில்லை என்று ஊகிக்கலாம்.

எழுத்து மங்கியிருந்தால் மாவோ சாக்கட்டியோ தேய்க்காதீர்கள், கல் கெடும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு, வெயில் சாய்வாக விழும் காலையில் படம் எடுத்தால் போதும். நம் சனங்கள் விளக்கும் சூடமும் ஏற்ற விரும்புவார்கள். கல்லின் மேல் வைக்காமல் தட்டில் தரையில் வைத்து ஏற்றுங்கள். கரியும் எண்ணெயும் வெள்ளைக் கல்லில் இறங்கினால் போகாது.

தோட்டத்தில் ஏதாவது கிடைத்தால்

ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நடும்போதும், கால்வாய் வெட்டும்போதும் மண் ஆழமாகப் புரளும். எலும்போ, பித்தளைச் சின்னமோ தென்பட்டால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் வெடிக்காத குண்டு இருக்க வாய்ப்புண்டு. தோட்ட மேனேஜரிடம் சொல்லுங்கள், போலீசுக்கு 999இல் தகவல் கொடுங்கள். மனித எலும்பு என்றால் முதலில் போலீஸ்தான் வர வேண்டும். பிறகு அவர் எந்த நாட்டுப் படை என்பதைப் பொறுத்து அந்த நாட்டு இராணுவ அலுவலகம் அடையாளம் காணும் வேலையைச் செய்யும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் இடம் மாற்றாமல் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, தொலைபேசியில் இடத்தைக் குறித்துவைப்பது. நினைவுக்கு வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் பெல்ட் கொக்கியை எடுத்துப் போனாலும் அதோடு ஒரு பெயர் போய்விடலாம். நார் வில்லை உதிர்ந்திருக்கும். ஆனால் எண் பொறித்த கரண்டியோ, தோள்பட்டை எழுத்தோ, கூர்க்காவின் குக்ரியோ எலும்புக்குப் பக்கத்தில் கிடந்தால்தான் அது அந்த ஆளைக் காட்டும். மேசையில் கொண்டு வைத்தால் அது வெறும் பித்தளை.

அபூர்வமாக வில்லை தங்கியிருந்தால் நிறத்தையும் எண்ணிக்கையையும் கவனியுங்கள். பச்சை மட்டும் இருந்தால் யாரோ சிவப்பை எடுத்துப் போயிருக்கலாம். அப்படியானால் அவர் சாவு எங்கோ பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. இரண்டும் சேர்ந்தே இருந்தால் அவரை அன்று யாரும் வந்து பார்க்கவில்லை. அவர் பெயர் காணாமல் போனவர்களோடு கிராஞ்சித் தூணில் இருக்கக்கூடும். நீள்வட்டப் பித்தளைத் தகடு கிடைத்தால் அது ஜப்பானியச் சிப்பாயுடையது. அதில் பெரும்பாலும் பெயர் இருக்காது, படையின் எண்ணும் ஆளின் எண்ணும்தான். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். அதையும் அதே கவனத்தோடு ஒப்படைக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்

தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று வருகிற பலரிடம் கொஞ்சம் பேசினால், தாத்தா சிப்பாயே இல்லை என்று தெரியவரும். தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தொழிலாளி அவர். அதே பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயரோடு கல் இருக்கிறது. முகாமுக்கு முகாம் அவர்களில் சிலர் சாவுக் கணக்கை எழுதி மறைத்துவைத்தார்கள். போர் முடிந்ததும் ஆட்கள் போய் உடல்களை எடுத்து வந்தார்கள். நம் தோட்டத்துச் சனங்களின் கழுத்தில் வில்லை இல்லை, அவர்களுக்காகக் கணக்கு எழுத யாரும் இல்லை. ஆணையத்தின் பொறுப்பும் படையினரோடு நின்றுவிடுகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம். காஞ்சனாபுரியின் வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் அவர்களுக்காக ஒரு நடுகல் நிற்கிறது. அங்கே போகிறவர்கள் போர்க்கைதிகள் கல்லறையைப் பார்த்துவிட்டு அங்கேயும் போய் வாருங்கள்.

அப்படிப்பட்ட தாத்தாவுக்கு இணையதளத்தில் தேடிப் பயனில்லை. வீட்டில் மூத்தவர் யாராவது இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். முழுப் பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம், யார் கூட்டிப் போனது, கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்தவர் யாராவது எந்த முகாமில் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் அடியில் எழுதி, ஒரு நகலை உங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகத்திடமோ தமிழ்ப்பள்ளியிலோ கொடுத்துவையுங்கள்.